அரசு ஊசியா, தனியார் ஊசியா: பணம் எதற்குப் போகிறது?

குழந்தைக்கு ஆறு வாரம் நெருங்கும்போது வீட்டில் இரண்டு அட்டைகள் இருக்கும். ஒன்று அரசு தரும் தாய்சேய் நல அட்டை. இன்னொன்று பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனையோ குழந்தை மருத்துவரோ தந்த அட்டை. முதல் அட்டையில் உள்ள எல்லாம் இலவசம். இரண்டாவதில் உள்ள ஆறாவது வார ஊசிக்கு மட்டும் பத்தாயிரம் ரூபாய் வரை ஆகும் என்பார்கள். பெரியவர்கள் "அரசு ஊசி போட்டா காய்ச்சல் வரும், தனியார்ல போட்டுடுங்க" என்பார்கள், பக்கத்து வீட்டில் "நாங்க எல்லாமே ஹெல்த் சென்டர்லதான் போட்டோம்" என்பார்கள். இரண்டில் எது நல்லது என்று கேட்பதைவிட, தனியார் அட்டையில் உள்ள ஒவ்வொரு வரியும் எதற்கான பணம் என்று பார்ப்பது பயன் தரும்.

தனியார் அட்டையில் மூன்று விதமான செலவுகள் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கின்றன. அரசு இலவசமாகத் தடுக்கும் அதே நோய்க்கு வேறு பிராண்டில் போடும் ஊசி முதல் வகை. அதே நோய்க்கு அரசு தருவதைவிடக் கூடுதலாக ஒரு தவணை போடுவது இரண்டாவது. அரசு அட்டையிலேயே இல்லாத நோய்க்குப் போடும் ஊசி மூன்றாவது. அட்டையில் மூன்றும் ஒரே மாதிரி அச்சாகியிருப்பதால் எல்லாமே சமமான கட்டாயம் போலத் தெரியும். என் கருத்து, கையில் கணக்கான பணம் உள்ள குடும்பம் முதலில் மூன்றாவது வகைக்குச் செலவழிக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் முதல் வகையிலேயே பணம் தீர்ந்துபோய், மூன்றாவது வகை வரும்போது "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அரசு அட்டையில் இருந்து தொடங்கலாம். தேசியத் தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் 1985 முதல் நடக்கிறது. பிறந்ததும் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய் ஊசி, போலியோ சொட்டு, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு. ஆறாவது, பதினான்காவது வாரங்களில் கூடவே நிமோனியாவுக்கான நிமோகாக்கல் ஊசியும், தோலுக்குள் சிறிதளவே போடும் போலியோ ஊசியும் உண்டு. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ருபெல்லா ஊசி, நிமோகாக்கல் பூஸ்டர், மூன்றாவது போலியோ ஊசி. பதினாறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் தட்டம்மை-ருபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊசி பூஸ்டர், போலியோ சொட்டு பூஸ்டர். ஐந்து வயதில் முத்தடுப்பு ஊசி இன்னொரு முறை.

பத்து வருடங்களுக்கு முன் குழந்தை பெற்றவர்களின் யோசனையைக் கேட்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்தப் பட்டியல் அப்போது இவ்வளவு நீளமாக இல்லை. பென்டாவேலன்ட் ஊசி தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் வந்ததே 2011 டிசம்பரில்தான். தட்டம்மையோடு ருபெல்லாவும் சேர்ந்த ஊசியும் ரோட்டா சொட்டும் தமிழக அரசு மையங்களுக்கு வந்தது 2017இல். நிமோகாக்கல் ஊசி நாடு முழுக்க வந்தது 2021இல். "நிமோனியா ஊசி அரசுல கிடையாது, அதுக்குத் தனியார்தான்" என்று யாராவது சொன்னால், அவர் குழந்தை பிறந்த காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கும். இன்றைக்கு அது பொருந்தாது. மூன்றாவது போலியோ ஊசி சேர்ந்தது 2023இல்தான் என்பதால், சில வருடங்களுக்கு முந்தைய அட்டையையோ பழைய படத்தையோ வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் கணக்கு தப்பாக வரும். ஒப்பிடும்போது இப்போது கொடுத்த அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆறாவது வாரத்துக்கு வருவோம். அதிகப் பணம் போகும் இடம் இதுதான்.

அரசு மையத்தில் அன்று குழந்தைக்கு மூன்று ஊசிகள், இரண்டு சொட்டு மருந்துகள். இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோகாக்கல், மேல்கையில் போலியோ ஊசி, வாய்வழியாக போலியோவும் ரோட்டாவும். தனியாரில் பென்டாவேலன்ட்டும் போலியோ ஊசியும் ஒன்றாகச் சேர்ந்து ஆறு நோய் ஊசியாகிவிடும். அதோடு நிமோகாக்கல் ஒன்று, ரோட்டா சொட்டு ஒன்று. ஆக இரண்டு ஊசிதான். ஒரு குத்து மிச்சம் என்பது உண்மையான வசதி. ஆனால் தடுக்கப்படும் நோய்களை எண்ணினால் இரண்டு இடத்திலும் அதே எட்டுதான்: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் என்ற மூளைக்காய்ச்சல் கிருமி, போலியோ, நிமோகாக்கல், ரோட்டா.

அப்படியானால் விலை வித்தியாசம் எதற்கு? பெரிய பங்கு கக்குவான் இருமலுக்கான பகுதியில் இருக்கிறது. அரசு பென்டாவேலன்ட்டில் அந்தக் கிருமியை முழுதாகக் கொன்று போடுகிறார்கள். அதனால் உடல் பலமாக எதிர்வினை காட்டும். அன்று இரவு காய்ச்சல், தொடையில் வீக்கம், நீண்ட அழுகை எல்லாம் வரலாம், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். ஹெக்ஸாக்சிம், இன்ஃபான்ரிக்ஸ் ஹெக்ஸா போன்ற விலை உயர்ந்த ஆறு நோய் ஊசிகளில் முழுக் கிருமி இல்லை. அதிலிருந்து சுத்தம் செய்து எடுத்த இரண்டு மூன்று புரதங்கள் மட்டும் இருக்கும். அதனால் காய்ச்சலும் வீக்கமும் குறைவு. "வலியில்லா ஊசி" என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். ஊசி குத்தும் வலி எல்லா ஊசிக்கும் ஒன்றுதான், அதற்குப் பிறகு வரும் உபாதைதான் குறைவு. இந்தப் பெயரைக் கேட்டு ஏமாந்ததாக நினைக்கும் பெற்றோர் நிறையப் பேர், அதனால் முன்பே தெரிந்திருப்பது நல்லது.

பாதுகாப்பில் எது மேல்? பெற்றோர் எதிர்பார்க்காத பதில் இது. கக்குவானைப் பொறுத்தவரை முழுக் கிருமி ஊசி தரும் பாதுகாப்பு அதிக காலம் நிற்கிறது. சுத்தம் செய்த புரத ஊசிக்கு முற்றாக மாறிய சில நாடுகளில், பிள்ளைகள் வளர்ந்த பிறகு எதிர்ப்புச் சக்தி வேகமாகக் குறைந்து கக்குவான் மீண்டும் பரவியது பதிவாகியிருக்கிறது. ஆக, விலை அதிகமான ஊசி சிறந்த ஊசி என்பது இந்த இடத்தில் பொருந்தாது. அது சௌகரியமான ஊசி. அந்தச் சௌகரியத்துக்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு கொடுத்தால் அதில் தப்பே இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. ஈஸிசிக்ஸ் போன்ற ஆறு நோய் ஊசிகள் முழுக் கிருமி வகையைச் சேர்ந்தவை, ஆனால் போலியோவும் ஒரே ஊசியில் வந்துவிடும். விலை உயர்ந்த வகையைவிட ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ குறையும். ஒரு குத்து மிச்சமாக வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்பவர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். பெரும்பாலும் கேட்டால்தான் சொல்வார்கள்.

நிமோகாக்கலில் பிராண்டு விஷயம் இன்னும் நுட்பமானது. இந்தக் கிருமியில் ஏராளமான ரகங்கள் உண்டு. ஒவ்வொரு பிராண்டும் அதில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துத் தடுக்கும். ப்ரெவெனார் 13 பதின்மூன்று ரகங்களைத் தடுக்கிறது, ஒரு தவணைக்கு நாலாயிரத்தை ஒட்டி ஆகும். சின்ஃப்ளோரிக்ஸ் பத்து ரகம். நியுமோசில் பத்து ரகம், இது புனேயில் உள்ள சீரம் நிறுவனத்தின் தயாரிப்பு, அரசு திட்டத்திலும் பயன்படுகிறது, ப்ரெவெனாரின் பாதி விலைக்கும் குறைவாகத் தனியாரிலும் கிடைக்கும். இரண்டும் பத்து ரகம்தானே என்று நினைத்தால் தப்பு. நியுமோசிலில் இருக்கும் 6ஏ, 19ஏ ரகங்கள் சின்ஃப்ளோரிக்ஸில் இல்லை. சின்ஃப்ளோரிக்ஸில் இருக்கும் 4, 18சி நியுமோசிலில் இல்லை. 19ஏ பல நாடுகளில் கடுமையான நோய்க்குக் காரணமான, மருந்துக்கு அடங்காத ரகம் என்பதால், நியுமோசிலில் அது இருப்பது சின்ன விஷயமில்லை. எண்ணிக்கையைப் பார்ப்பதோடு பட்டியலையும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விவரம் சொல்கிறேன்.

இரண்டாவது வகைச் செலவும் இங்கேதான் தெரியும். அரசு நிமோகாக்கல் ஊசியை ஆறு வாரம், பதினான்கு வாரம், ஒன்பது மாதம் என மூன்று முறை போடுகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் அட்டவணை ஆறு, பத்து, பதினான்கு வாரங்களோடு பிறகு ஒரு பூஸ்டரும் சேர்த்து நான்கு முறை சொல்கிறது. இரண்டு முறை போட்டு ஒரு பூஸ்டர் என்ற திட்டத்தையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது. ஆகவே அரசில் போட்ட குழந்தைக்கு ஒரு தவணை விட்டுப்போய்விட்டது என்று பதறத் தேவையில்லை.

ரோட்டா சொட்டை நீட்ட வேண்டியதில்லை. அரசு தரும் ரோட்டாவேக், ரோட்டாசில் இரண்டும் இந்தியத் தயாரிப்புகள், மூன்று தவணை. தனியாரில் அதிகம் எழுதும் ரோட்டாரிக்ஸ் இரண்டு தவணையில் முடிந்துவிடும், தவணைக்கு இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. தொடங்கிய பிராண்டிலேயே முடிப்பது நல்லது. நடுவில் மாறிவிட்டாலோ எது போட்டார்கள் என்று தெரியாவிட்டாலோ, மொத்தம் மூன்று தவணை ஆகும்படி பார்த்துக்கொண்டால் போதும். குழந்தை மருத்துவர்கள் கழகம் முதல் தவணையை 15 வாரத்துக்குள் தொடங்கச் சொல்வதால், "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது மூன்றாவது வகை. அரசு அட்டையில் இல்லாமல் தனியார் அட்டையில் மட்டும் இருப்பவை முக்கியமாக ஐந்து: டைபாய்டு, பொன்னுக்கு வீங்கி, மஞ்சள் காமாலை ஏ, சின்னம்மை, ஃப்ளூ காய்ச்சல். இவை எல்லாமே ஒரே அளவு அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

டைபாய்டை முதலில் வைப்பேன். வேலூர், டெல்லி, கொல்கத்தா, புனே ஆகிய ஊர்களில் குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வில் நகரங்களில் டைபாய்டு மிக அதிகம் என்று தெரிந்தது, வேலூரும் அதற்கு விலக்கில்லை. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத டைபாய்டு வேறு பெருகிவருகிறது. டைப்பார் டி.சி.வி. போன்ற புதிய வகை ஊசியை ஆறு மாதத்திலிருந்தே போடலாம், ஒரே தவணை, இரண்டாயிரத்தை ஒட்டிய விலை. மருந்துக் கடைகளில் டைபாய்டுக்குப் பழைய வகை ஊசியும் உண்டு. அது இரண்டு வயதுக்குக் கீழே வேலை செய்யாது. அதனால் எழுதிக் கொடுத்த பெயரில் "டி.சி.வி." என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பொன்னுக்கு வீங்கி. அரசு ஊசி தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கு மட்டும். தனியாரில் போடும் எம்.எம்.ஆர். ஊசியில் இந்த மூன்றாவதும் சேர்ந்திருக்கும். இந்திய பிராண்டு சில நூறு ரூபாய்தான், மொத்தப் பட்டியலில் மிக மலிவானது இது. சின்னம்மை ஊசி தவணைக்கு இரண்டாயிரத்துக்கு மேல், இரண்டு தவணை. மஞ்சள் காமாலை ஏ ஊசியில் இரண்டு வகை உண்டு. கொன்ற கிருமி வகை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. உயிருள்ள பலவீனக் கிருமி வகை ஒரே தவணை. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ஒரே தவணை வகையைக் கேட்கலாம். ஃப்ளூ ஊசியை நான் கடைசியில் வைக்கிறேன், காரணம் அது முதல் வருடம் இரண்டு தவணை, பிறகு ஐந்து வயது வரை ஒவ்வொரு வருடமும் தொடரும் செலவு. ஆனால் குறைப்பிரசவக் குழந்தை, இதய நோய் உள்ள குழந்தை, அடிக்கடி மூச்சிரைப்பு வரும் குழந்தை என்றால் அது பட்டியலின் மேலே வந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஈரோட்டில் ஒரு குடும்பம், குழந்தை ஜனவரி 10 பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். விலைகளை கணக்குக்கு எளிதாக வட்டமாக எடுத்துக்கொள்கிறேன். பிராண்டையும் வருடத்தையும் பொறுத்து இவை மாறும், பெட்டியில் அச்சடித்த அதிகபட்ச விலைதான் இறுதி.

முழுக்கத் தனியாரில் போனால் ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில், அதாவது பிப்ரவரி 21, மார்ச் 21, ஏப்ரல் 18 வாக்கில், ஆறு நோய் ஊசி மூன்று தடவை, தலா 4,000 என்று 12,000. நிமோகாக்கல் மூன்று தடவை, தலா 3,900 என்று 11,700. ரோட்டாரிக்ஸ் இரண்டு தடவை, தலா 1,800 என்று 3,600. கூட்டினால் 27,300 ரூபாய். மருத்துவர் கட்டணம் தனி. இந்த 27,300இல் தடுக்கப்படும் எட்டு நோய்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தடுக்கப்படுபவையே.

இதே குடும்பம் அந்த மூன்று தவணைகளையும் சுகாதார நிலையத்தில் முடித்துவிட்டு, பணத்தை மூன்றாவது வகைக்கு ஒதுக்கினால் என்ன ஆகும்? ஜூலை 10, ஆறு மாதம் முடிந்ததும் தனியார் மருத்துவரிடம் டைபாய்டு ஊசி 2,000, ஃப்ளூ முதல் தவணை 1,800. ஆகஸ்டில் ஃப்ளூ இரண்டாம் தவணை 1,800. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஃப்ளூ அதிகமாவதால் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, இது இந்தக் குழந்தையின் பிறந்த மாதம் தந்த வசதி. அக்டோபர் 10க்குப் பிறகு சுகாதார நிலையத்தில் ஒன்பது மாத ஊசிகள் இலவசம். அடுத்த ஜனவரியில் மஞ்சள் காமாலை ஏ முதல் தவணை 1,800. ஏப்ரலில், பதினைந்தாம் மாதம், எம்.எம்.ஆர். 500, சின்னம்மை முதல் தவணை 2,200, இரண்டும் ஒரே நாளில். மே மாதத்துக்குப் பிறகு சுகாதார நிலையத்தில் முத்தடுப்பு பூஸ்டர், போலியோ சொட்டு. ஜூலையில் மஞ்சள் காமாலை ஏ இரண்டாம் தவணை 1,800, சின்னம்மை இரண்டாம் தவணை 2,200. மொத்தம் 14,100 ரூபாய், ஐந்து தடவை தனியார் மருத்துவரைப் பார்த்த கட்டணம் தனி.

பாதிப் பணத்தில், அரசு தடுக்காத ஐந்து நோய்களுக்கும் பாதுகாப்பு வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து எல்லாமே தனியாரில் போட்டால், நிமோகாக்கல் பூஸ்டரும் ஒன்றரை வயதில் ஆறு நோய் ஊசி பூஸ்டரும் சேர்ந்து ஐம்பதாயிரத்தை நெருங்கும். அது முடிகிற குடும்பம் அதையே செய்யலாம். 14,100கூட முடியாது என்றால் டைபாய்டும் எம்.எம்.ஆரும் மட்டும் போட்டால் 2,500 ரூபாயில் நின்றுவிடும்.

இப்படிக் கலந்து போடும்போது சிக்கல் வருவது பெரும்பாலும் பதினைந்தாம் மாத எம்.எம்.ஆரில்தான். ஒன்பது மாதத்தில் அரசு தட்டம்மை-ருபெல்லா ஊசி, பதினைந்தாம் மாதம் தனியார் எம்.எம்.ஆர்., பதினாறாம் மாதம் சுகாதார நிலையத்துக்குப் போனால் செவிலியர் "எம்.ஆர். இரண்டாம் தவணை பாக்கி இருக்கே" என்பார். எம்.எம்.ஆரில் தட்டம்மையும் ருபெல்லாவும் இருப்பதால் அது இரண்டாம் தவணையாகவே கணக்காகும். எம்.எம்.ஆர். போட்ட தேதியையும் மருத்துவரின் முத்திரையையும் காட்டி அரசு அட்டையில் பதியச் சொல்லுங்கள். தெரியாமல் இன்னொரு முறை போட்டுவிட்டாலும் தீங்கில்லை, நான்கு வார இடைவெளி இருந்தால் போதும். இந்த நான்கு வார விதி உயிருள்ள கிருமி ஊசிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்: எம்.எம்.ஆரையும் சின்னம்மை ஊசியையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் நான்கு வாரம் தள்ளிப் போட வேண்டும். நடுவில் இரண்டு வாரத்தில் போட்டால் இரண்டாவதாகப் போட்டது சரியாக வேலை செய்யாமல் போகலாம். பொன்னுக்கு வீங்கிக்கு இன்னொரு தவணை தேவை என்பதால் பள்ளி சேரும் வயதில் இன்னொரு எம்.எம்.ஆர். போட வேண்டியிருக்கும்.

தனியார் அட்டையிலேயே விட்டுப்போகக்கூடிய ஒன்றும் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியை அரசு, நோய் உள்ள மாவட்டங்களில் ஒன்பது மாதத்திலும் பதினாறு மாதத்துக்குப் பிறகும் இலவசமாகப் போடுகிறது. விழுப்புரம், கடலூர் பக்கம் இருப்பவர்கள் முழுக்கத் தனியாரிலேயே போட்டுக்கொண்டிருந்தால், இந்த ஊசி விட்டுப்போயிருக்கிறதா என்று சுகாதார நிலையத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது அவசியம்.

அரசு மையத்தில் பெற்றோருக்குக் கோபம் வரவைக்கும் ஒரு விஷயம், "இன்னைக்கு எம்.ஆர். ஊசி இல்ல, அடுத்த புதன்கிழமை வாங்க" என்று அனுப்புவது. இதற்குக் காரணம் உண்டு. அரசு ஊசிகள் ஒரு சீசாவில் பல தவணைகளாக வருகின்றன. பென்டாவேலன்ட், நிமோகாக்கல் சீசாக்களைத் திறந்தால் சரியான குளிரில் 28 நாள் வரை வைத்துப் பயன்படுத்தலாம். பி.சி.ஜி., எம்.ஆர். போன்றவற்றைத் திறந்தால் நான்கு மணி நேரத்தில் தூக்கி எறிய வேண்டும். அதனால் ஒரு குழந்தைக்காகத் திறக்காமல் பல குழந்தைகள் வரும் நாளில் திறக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியரின் கைபேசி எண்ணை வாங்கி வைத்து, கிளம்பும் முன் கேட்டுவிட்டால் வீண் அலைச்சல் இருக்காது.

அந்தச் சீசாவைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். லேபிளிலோ மூடியிலோ ஒரு ஊதா வட்டமும், அதன் நடுவில் ஒரு சதுரமும் இருக்கும். சூடு பட்டால் நடுச் சதுரம் மெல்லக் கருத்துக்கொண்டே வரும். சதுரம் வெளிவட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் ஊசி நன்றாக இருக்கிறது. வட்டமும் சதுரமும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் அதிகம் கருத்துவிட்டாலோ அதைப் போடக்கூடாது. தனியாரில் விற்கும் பல பிராண்டுகளில் இந்தக் குறி இருப்பதில்லை. அங்கே காலாவதித் தேதியையும், ஊசியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும்தான் பார்க்க முடியும். மருந்துக் கடையில் ஊசி வாங்கிப் பையில் போட்டு வெயிலில் மருத்துவரிடம் கொண்டுபோவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐஸ் கட்டியில் நேரடியாகப் படும்படி வைப்பதும் ஆபத்து, பென்டாவேலன்ட், நிமோகாக்கல் போன்றவை உறைந்தால் சத்து போய்விடும். அவை இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

தனியார் ரசீதைப் பார்க்கும்போது ஊசியின் விலை, மருத்துவர் கட்டணம், ஊசி போடும் கட்டணம் மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஊசிக்கு அச்சடித்த விலைக்கு மேல் வாங்கக்கூடாது. அதற்குக் கீழே வாங்கும் மருத்துவர்களும் உண்டு, அதனால் இரண்டு இடத்தில் விசாரிப்பதில் கூச்சம் வேண்டாம். பெட்டியின் லேபிளைக் கிழித்து அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பிராண்டும் தொகுதி எண்ணும் அதில் இருக்கும், அடுத்த தவணைக்கு வேறு ஊரில் போட நேர்ந்தால் அதுவே ஆதாரம்.

எப்போது முதல் வகைச் செலவையே தேர்ந்தெடுப்பது நியாயம்? முதல் பென்டாவேலன்ட்டுக்குப் பிறகு குழந்தைக்கு வலிப்பு வந்தாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் அழுதாலோ, 105 டிகிரியைத் தொடும் காய்ச்சல் அடித்தாலோ அடுத்த தவணைக்கு முன் கட்டாயம் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்த புரத வகைக்கு மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார். ஏற்கெனவே நரம்புப் பிரச்சினைக்குச் சிகிச்சையில் உள்ள குழந்தைக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் வாரநாளில் மையத்துக்குப் போகவே முடியாமல் தவணைகள் தள்ளிக்கொண்டே போகிறது என்றால், ஞாயிற்றுக்கிழமை தனியாரில் நேரத்துக்குப் போடுவது நல்லது. பாதி அரசில், பாதி தனியாரில் என்று மாறலாம். பென்டாவேலன்ட் ஒரு தவணை போட்டிருந்தால் அடுத்ததை ஆறு நோய் ஊசியாகத் தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எதைப் போட்டாலும் இரண்டு அட்டையிலும் அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள். வெளியூருக்கு வீடு மாறும்போது தவணைகளை நிரூபிக்க முடியாமல் மீண்டும் போட வேண்டி வருவது, ஒரு பக்கத்துப் பதிவு மட்டும் இருக்கிற குழந்தைகளுக்குத்தான்.